குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கு டீஃபோகஸ் லென்ஸ்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரண கண்ணாடியிலேயே பையனுக்கு போர்டு தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் எதற்கு இந்த விலை கூடின லென்ஸ்?

போர்டைக் காட்டுவதற்கு சாதாரண லென்ஸ் போதும். அந்த வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் பவர் எவ்வளவு ஏறும் என்பதில்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண் பந்து முன்பின்னாக நீண்டுபோகிறது. அதனால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். சாதாரண 'சிங்கிள் விஷன்' லென்ஸ் அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையின் மீது விழ வைக்கிறது, அவ்வளவுதான். கண் நீளுவதை அது தடுக்காது. டீஃபோகஸ் லென்ஸ் அதே பவரைக் கொடுத்துக்கொண்டே, கண் நீளும் வேகத்தையும் குறைக்கப் பார்க்கிறது.

கண் ஒருமுறை நீண்டுவிட்டால் சுருங்கி முன்போல் ஆகாது. நீளம் கூடக் கூட விழித்திரை இழுபட்டு மெலிந்து, பிற்காலத்தில் விழித்திரை விலகல், மையப் பகுதி சிதைவு, கண் நீர் அழுத்தம் போன்றவை வரும் வாய்ப்பு கூடுகிறது. கிட்டப்பார்வையால் வரும் மையச் சிதைவைப் பற்றிய ஆய்வுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்குப்படி, பவர் ஏறுவதை 1 டயாப்டர், அதாவது ஒரு பவர், குறைத்தாலே அந்த ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைகிறது. −6 வரை போகக்கூடிய குழந்தையை −4-லேயே நிறுத்தினால் அதற்குப் பலன் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

லென்ஸைப் பார்த்தால் சாதாரண லென்ஸ் மாதிரிதான் இருக்கிறது. உள்ளே என்ன வித்தியாசம்?

டியூப்லைட்டுக்கு எதிரே லென்ஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு வட்டம் வழுவழுப்பாக இருக்கும். அதைச் சுற்றி வளையமாகப் பொடிப்பொடியான புள்ளிகள் மினுங்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வில்லை.

ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஹோயா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'டிம்ஸ்' வகை லென்ஸை எடுத்துக்கொள்வோம். மயோஸ்மார்ட் என்ற பெயரில் 2018-லிருந்து விற்பனையில் இருக்கிறது. நடுவில் சுமார் 9 மி.மீ. குறுக்களவுள்ள தெளிவான பகுதி. அதில் குழந்தையின் பவர் மட்டும் இருக்கும். அதைச் சுற்றி சுமார் 33 மி.மீ. அகலம் வரைக்கும் தேன்கூடு போல ஏறத்தாழ 400 குட்டி வில்லைகள். ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. அகலம், ஒவ்வொன்றிலும் குழந்தையின் பவருக்கு மேல் +3.50 கூட்டியிருப்பார்கள். வில்லைகளுக்கு இடையே இருக்கும் இடத்தில் மறுபடியும் குழந்தையின் பவர்தான். பரப்பளவில் இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி.

எஸ்ஸிலாரின் ஸ்டெல்லஸ்ட் லென்ஸும் இதே குடும்பம்தான், அமைப்பு வேறு. அதில் 11 வளையங்களாக 1021 குட்டி வில்லைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். அவை ஒரே புள்ளியில் ஒளியைக் குவிக்காமல், விழித்திரைக்கு முன்னால் சற்றே கனமான ஒரு படலமாகப் பரப்புகின்றன.

ஓரத்தில் வில்லை வைத்தால் கண் வளர்வது எப்படிக் குறையும்?

பிம்பம் எங்கே குவிகிறது என்பதை விழித்திரை உணர்ந்து, கண் வளர வேண்டிய வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. கோழிக்குஞ்சுகளுக்கு மைனஸ் லென்ஸ் மாட்டிப் பிம்பத்தை விழித்திரைக்குப் பின்னால் தள்ளினால் கண் வேகமாக நீள்கிறது. பிளஸ் லென்ஸ் மாட்டிப் பிம்பத்தை முன்னால் கொண்டுவந்தால் வளர்ச்சி தணிகிறது. பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், நடுப்பார்வை தெளிவாக இருந்தாலும் ஓரப்பார்வையை மட்டும் மங்கலாக்கினால் கண் நீள்வது தெரிந்தது. நடுப்புள்ளிக்கு மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியுள்ள விழித்திரைக்கும் இதில் பங்கு உண்டு என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

நீண்ட கண்ணின் பின்புறம் கோழிமுட்டை வடிவில் இருக்கும். சிங்கிள் விஷன் லென்ஸ் போட்டால் நடுவில் பிம்பம் சரியாக விழும். ஓரங்களில் விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் போய்விடும். 'இன்னும் நீளு' என்று கண்ணுக்குச் சொல்லும் சைகை அது. டீஃபோகஸ் லென்ஸில் அந்த ஓரங்களில் இரண்டு பிம்பங்கள் கிடைக்கின்றன. வில்லைகளுக்கு இடையே வரும் ஒளி வழக்கமான பிம்பத்தைத் தருகிறது. வில்லை வழியாக வருவது விழித்திரைக்கு முன்னால் குவிகிறது. இந்த இரண்டாவதுதான் வளர்ச்சியைத் தணிக்கும் சைகை. குழந்தை கண்ணைத் திறந்து லென்ஸ் வழியாகப் பார்க்கும் நேரமெல்லாம் இது நடக்க வேண்டும்.

அப்படியென்றால் சாதாரண கண்ணாடி கெடுதலா? பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்கிறார்களே?

குறைத்துப் போடாதீர்கள். மலேசியாவில் 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு முழு பவரும் மற்றவர்களுக்கு 0.75 குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் முழு பவர் போட்டவர்களுக்குச் சராசரியாக 0.77 ஏறியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. 'கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும்' என்பது நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. அதனாலேயே பல குழந்தைகள் வருடக்கணக்கில் மங்கலாகப் பார்த்துக்கொண்டு, பவரும் ஏறி நிற்கிறார்கள்.

டீஃபோகஸ் லென்ஸ் கிடைக்கவில்லை, வாங்க முடியவில்லை என்றாலும் முழு பவரில் சாதாரண கண்ணாடி போடுவதுதான் சரி.

கடையில் 60 சதவீதம் குறையும் என்றார்கள். நம்பலாமா?

ஹாங்காங் ஆய்விலிருந்து வரும் எண் அது. என்ன அளந்தார்கள் என்று பார்த்தால் தெளிவாகும். 8 முதல் 13 வயது வரை, −1.00 முதல் −5.00 வரை பவர் உள்ள குழந்தைகள். 79 பேர் டிம்ஸ் லென்ஸும் 81 பேர் சாதாரண லென்ஸும் அணிந்து இரண்டு வருடத்தை முடித்தார்கள். சாதாரண லென்ஸ் பிரிவில் சராசரியாக 0.85 டயாப்டர் ஏறியது, கண் 0.55 மி.மீ. நீண்டது. டிம்ஸ் பிரிவில் 0.41 டயாப்டரும் 0.21 மி.மீட்டரும். பவரில் 52 சதவீதம், நீளத்தில் 62 சதவீதம் குறைவு.

சதவீதத்தைவிட மிச்சமான அளவைப் பாருங்கள்: இரண்டு வருடத்தில் 0.44 டயாப்டர், அதாவது ஏறக்குறைய அரை பவர். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் அது இரண்டு வருடக் கணக்கு. கண் நீளும் வயது பதினைந்து, பதினாறு வரை போகும். அந்த டிம்ஸ் குழந்தைகளில் 21.5 சதவீதம் பேருக்கு இரண்டு வருடமும் பவர் ஏறவே இல்லை. சாதாரண லென்ஸ் பிரிவில் 7.4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி.

சீனாவின் வென்ஜோவில் ஸ்டெல்லஸ்ட் வகை லென்ஸை வைத்து நடந்த ஆய்வில் இரண்டு வருடத்தில் 1.46-க்குப் பதில் 0.66 டயாப்டர்தான் ஏறியது. கண் நீளம் 0.69-க்குப் பதில் 0.34 மி.மீ. கூடியது. இரண்டு ஊர்களின் எண்களையும் அடுத்தடுத்து வைத்து 'இந்த பிராண்டுதான் மேல்' என்று சொல்வது சரியல்ல. வென்ஜோ குழந்தைகளுக்குச் சாதாரண லென்ஸிலேயே பவர் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒப்பிட்ட பிரிவே வேறு என்னும்போது சதவீதத்தை நேருக்கு நேர் வைக்க முடியாது.

இவையெல்லாம் சராசரிகள். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு பலன் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. போட்டு, அளந்துதான் தெரியும்.

பொண்ணுக்கு எட்டு வயசு, −2 வந்திருக்கிறது. உடனே இந்த லென்ஸுக்குப் போகலாமா? முன்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்?

எட்டு வயதில் −2 என்றால் இன்னும் பல வருடம் ஏற வாய்ப்பிருக்கிறது. இந்த லென்ஸால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களில் அவளும் ஒருத்தி. வாங்கும் முன் இரண்டு பரிசோதனைகள் கட்டாயம்.

முதலாவது, சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்ப்பது. குழந்தைகள் கிட்டே பார்க்கும் தசையை இறுக்கிக்கொண்டே பரிசோதனைக்கு உட்கார்வார்கள். கம்ப்யூட்டர் டெஸ்ட் அதையும் கிட்டப்பார்வையாகவே எண்ணி, இல்லாத பவரைக் காட்டிவிடும். சைக்ளோபென்டலேட் போன்ற சொட்டு அந்தத் தசையைத் தளர்த்தும். சில நிமிட இடைவெளியில் போட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கிட்டத்தில் படிக்க மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும், மறுநாள் சரியாகிவிடும். பரீட்சைக்கு முந்தின நாள் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, கண்ணின் நீளத்தை அளப்பது. கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே அளக்கும் பயோமீட்டர் கருவியில் ஓரிரு நிமிட வேலை. புரை அறுவைச் சிகிச்சை செய்யும் பெரும்பாலான கண் மருத்துவமனைகளில் இந்தக் கருவி இருக்கும். லென்ஸ் மாட்டும் நாளில் நீளம் என்ன என்று குறித்து வைக்காவிட்டால், பிறகு அது வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மாறுகண், சோம்பேறிக் கண், இரு கண்ணுக்கும் இடையே 1.50-க்கு மேல் பவர் வித்தியாசம் ஆகியவை இருந்தால் முதலில் குழந்தைகள் கண் மருத்துவரைப் பாருங்கள். ஹாங்காங் ஆய்வில் அப்படிப்பட்ட குழந்தைகளைச் சேர்க்கவில்லை. நான்கைந்து வயதிலேயே −6 என்று வந்தால், அது சாதாரணப் பள்ளிக்கூடக் கிட்டப்பார்வை இல்லை. பின்னால் வேறு நோய் இருக்கிறதா என்று விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

கடையில் அளவெடுக்கும்போது நாங்க எதைக் கவனிக்கணும்?

இங்கேதான் காசு வீணாகிறது. சாதாரண லென்ஸில் நடுப்புள்ளி ஓரிரு மி.மீ. தள்ளிப்போனாலும் குழந்தைக்குப் பெரிதாகத் தெரியாது. டீஃபோகஸ் லென்ஸில் தெளிவான வட்டத்தின் ஆரமே 4.5 மி.மீ.தான், அது கண்ணின் நடுவிலுள்ள பாவைக்கு நேர் முன்னால் உட்கார வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பாவையின் அகலம் 4 மி.மீ. என்றால், நேராகத் தூரத்தைப் பார்க்கும்போது லென்ஸில் 4 மி.மீ. அகலமுள்ள ஒரு வட்டம் வழியாக ஒளி உள்ளே போகும். அதன் ஆரம் 2. லென்ஸின் நடு 2.5 மி.மீ. வரை விலகினாலும் அந்த வட்டம் தெளிவான பகுதிக்குள்ளேயே இருக்கும். 4 மி.மீ. விலகினால் அதன் ஒரு பக்கம் 1.5 மி.மீ. அளவுக்கு வில்லைகளுக்குள் போய்விடும். குழந்தை 'ஒரு பக்கம் மங்கலா இருக்கு' என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள்.

எனவே வரிசை முக்கியம். முதலில் பிரேமைக் குழந்தையின் முகத்தில் சரியாகப் பொருத்த வேண்டும்: மூக்கில் அமரும் இடம், காதுக்குப் பின்னால் வளைவு, எல்லாம். அதற்குப் பிறகுதான் அளவு. அளந்த பிறகு பிரேமை வளைத்தால் அந்த அளவுகள் பயனற்றுப்போகும். இரு கண்ணுக்கும் சேர்த்து '56' என்று ஒரே எண்ணாக எழுதக் கூடாது. மூக்கின் நடுவிலிருந்து வலது பாவை 28.5, இடது 27.5 என்பதுபோல் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லோர் முகமும் இருபுறமும் ஒரே அளவாக இருப்பதில்லை. பிறகு உயரம்: அளவெடுப்பவர் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து நேருக்கு நேர் உட்கார்ந்து, குழந்தையைத் தூரத்தைப் பார்க்கச் சொல்லி, பிரேமிலுள்ள டம்மி லென்ஸில் பாவையின் நடுவுக்கு நேராகப் புள்ளி வைக்க வேண்டும். நின்றுகொண்டே மேலிருந்து பார்த்துப் புள்ளி வைத்தால் அது இடம் மாறிப்போகும்.

கண்ணாடி தயாராகி வரும்போது லென்ஸில் மையக் குறிகள் மையால் போட்டிருக்கும். அதை அழிக்காமல் குழந்தைக்கு மாட்டச் சொல்லி, குறி பாவைக்கு நேராக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பார்த்த பிறகு அழிக்கட்டும். கடைக்காரர் துடைத்துப் பளபளவென்று கையில் கொடுத்தால் சரிபார்க்கும் எளிய வழி போய்விடும், வாங்கும்போதே சொல்லிவையுங்கள்.

பவரை லென்ஸோமீட்டரில் சரிபார்க்கும்போது நடுவிலுள்ள தெளிவான பகுதியில் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் கருவி குழம்பிய எண்ணைக் காட்டும். 'லென்ஸ் தப்பு' என்று திருப்பியனுப்பிவிடுவார்கள்.

எந்த மாதிரி பிரேம் நல்லது?

வழுக்காத பிரேம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நம் குழந்தைகளுக்கு மூக்கின் மேற்பகுதி தாழ்வாக இருக்கும். பிளாஸ்டிக் பிரேமின் கெட்டியான மூக்குப்பகுதி அங்கே நிற்காமல் சறுக்கும். வியர்வையும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் நுனிமூக்குக்கு வந்துவிடும். சிலிகான் நோஸ் பேட் உள்ள பிரேம், அல்லது காதைச் சுற்றிப் பிடிக்கும் வளைந்த கைகள், அல்லது பின்னால் கட்டும் எலாஸ்டிக் பட்டை வாங்குங்கள்.

கண் சட்டத்தின் நடுவில் பாவை வர வேண்டும். வளர்ந்தால் உதவுமே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் பாவை மூக்குப் பக்கமாக ஒதுங்கிவிடும். மேல்கீழாக மிகக் குறுகலான பிரேமில் வில்லைகளில் பாதி வெட்டிப்போய்விடும்.

வாங்கினது உண்மையான லென்ஸ்தானா? சாதாரண லென்ஸை மாட்டிக் கொடுத்தால் எப்படித் தெரியும்?

இரவில் அறையின் விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சை லென்ஸ் வழியாகச் சுவரில் அடியுங்கள். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு தூரத்தில் வில்லைகளின் நிழல் தெளிவாக விழும். டிம்ஸ் என்றால் நடுவில் வெற்று வட்டமும் சுற்றிலும் தேன்கூடுப் புள்ளிகளும். ஸ்டெல்லஸ்ட் என்றால் வளையம் வளையமாகப் புள்ளிகள். சாதாரண லென்ஸில் ஒரே சீரான வெளிச்சம்தான் விழும். வெற்று வட்டம் இரண்டு லென்ஸிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம். கூடவே நிறுவனத்தின் அட்டையோ வரிசை எண்ணோ தருவார்கள், பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட முதல் நாள் ஓரமெல்லாம் மங்கலாக இருக்கிறது, தலை சுற்றுகிறது என்கிறாள். கழற்றிவிடலாமா?

கழற்ற வேண்டாம். ஓரத்தில் சற்று மங்கல், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் ஆகியவை இந்த லென்ஸின் அமைப்பாலேயே வருபவை. பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில், அதிகபட்சம் ஒரு வாரம் பத்து நாளில் பழகிவிடுவார்கள். ஓரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை மட்டும் சுழற்றாமல் தலையையும் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். முதல் இரண்டு நாளும் வீட்டிலேயே இருக்கும்படி சனி ஞாயிறில் தொடங்குவது நல்லது. படியிறங்கும்போதும் சைக்கிளிலும் முதல் சில நாட்கள் கவனம் தேவை.

இரண்டு வாரம் கழிந்தும் நேராகப் பார்ப்பதே மங்கல் என்றால் அது பழக்கத்தால் சரியாகும் விஷயமல்ல. பெரும்பாலும் நடுப்புள்ளி தள்ளியிருக்கும், அல்லது சிலிண்டர் பவரின் கோணம் மாறியிருக்கும். கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

ஸ்கூலில் மட்டும் போட்டால் போதாதா? வீட்டில் கழற்றி வைத்துவிடுகிறான்.

போதாது. வென்ஜோ ஆய்வில் தினமும் 12 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் மிச்சமானது 0.99 டயாப்டர், 0.41 மி.மீ. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 0.80 டயாப்டர், 0.35 மி.மீ. கிடைத்த பலனில் அணிந்த நேரத்துக்குப் பங்கு உண்டு. காலையில் பல் துலக்கியதும் மாட்டி, தூங்கப் போகும்போது கழற்றுவது. குளிக்கும்போதும் நீச்சலின்போதும் மட்டும் விலக்கு. வீட்டுப்பாடம், கைபேசி, டிவி எல்லாமே கண்ணாடியோடுதான். சிறிய பவர் என்பதால் கிட்டத்தில் கண்ணாடி இல்லாமலும் தெரியும் என்று கழற்றுவான். அந்த இரண்டு மூன்று மணி நேரமும் லென்ஸ் அவன் கண்ணுக்கு எந்தச் சைகையும் தராமல் மேசையில் கிடக்கிறது.

படிக்கும்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறான். ஏன்?

கண்ணாடி இறங்கிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். நோஸ் பேடைச் சரிசெய்யுங்கள். பொருத்தம் சரியாக இருந்தும் பார்த்தால், அவன் தலையை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் படிக்கிறானா என்று பாருங்கள். கண் 15 டிகிரி கீழே இறங்கினால் பார்வைக்கோடு லென்ஸின் நடுவிலிருந்து சுமார் 7 மி.மீ. கீழே போகும், அது வில்லைகள் இருக்கும் பகுதி. அங்கேயும் பாதிப் பரப்பில் அவனுடைய பவர் இருப்பதால் எழுத்து தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளை வேறுபாடு கொஞ்சம் மங்கும். சாய்வு மேசையோ புத்தக ஸ்டாண்டோ வைத்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தினால் சிக்கல் தீரும். நல்ல வெளிச்சமும் வேண்டும். இது வயதானவர்களின் பைஃபோகல் இல்லை. கிட்டத்துக்கென்று தனிப் பகுதி எதுவும் லென்ஸின் கீழே கிடையாது.

ஆறு மாசம் ஆச்சு. பவர் 0.25 ஏறிடுச்சு. லென்ஸ் வேலை செய்யலையா?

0.25-ஐ மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே குழந்தையை ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தாலே அந்த அளவு முன்பின் வரும். நீளத்தைப் பாருங்கள், ஒளியால் அளக்கும் பயோமீட்டரில் தவறு மி.மீட்டரின் நூறில் சில பங்குதான்.

மேலே சொன்ன எட்டு வயதுப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். லென்ஸ் மாட்டிய நாளில் வலக்கண் 24.10 மி.மீ., ஆறு மாதம் கழித்து 24.18 என்று வைத்துக்கொள்வோம். 0.08 கூடியிருக்கிறது. ஹாங்காங் ஆய்வின் எண்களை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் சாதாரண லென்ஸில் சுமார் 0.14, டிம்ஸில் சுமார் 0.05. இவள் இடையில், டிம்ஸ் பக்கமாக இருக்கிறாள். ஆய்விலிருந்த குழந்தைகளின் சராசரி வயது பத்தை ஒட்டியது. எட்டு வயதில் கண் அதைவிட வேகமாக வளரும் என்பதையும் சேர்த்தால், 0.08 நல்ல செய்தி. பவர் 0.25 ஏறியிருந்தாலும் லென்ஸை மாற்றத் தேவையில்லை. தொடரலாம்.

அதே ஆறு மாதத்தில் 24.30 என்று வந்திருந்தால், அதாவது 0.20 கூடியிருந்தால், காரணம் தேட வேண்டும். ஒரு நாளில் உண்மையில் எத்தனை மணி நேரம் அணிகிறாள்? பிரேம் இறங்குகிறதா? லென்ஸில் இருக்கும் பவர் சொட்டு மருந்து போட்டுப் பார்த்த பவர்தானா, அது இப்போது 0.50-க்கு மேல் பின்தங்கிவிட்டதா? புத்தகத்தை எவ்வளவு கிட்டே வைத்துப் படிக்கிறாள்? இவையெல்லாம் சரியாக இருந்தும் நீள்கிறது என்றால், லென்ஸோடு அட்ரோபின் சொட்டு மருந்தைச் சேர்ப்பது பற்றி மருத்துவரோடு பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கருவியில், முடிந்தால் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கருவி மாறினால் எண்ணும் சற்று மாறும்.

பவர் 0.50 ஏறினால் லென்ஸை மாற்றுவது பொதுவான வழக்கம். எனவே வாங்கும்போதே, குறிப்பிட்ட மாதங்களுக்குள் பவர் மாறினால் சலுகை உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்ரோபின் சொட்டு போட்டாலும் பவர் ஏறாதாமே. இரண்டில் எது?

குறைந்த அளவு அட்ரோபினும் வேலை செய்யும், அளவைப் பொறுத்தது. ஹாங்காங்கில் நடந்த இன்னொரு ஆய்வில் ஒரு வருடத்தில் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கு 0.81 டயாப்டரும், 0.01 சதவீத அட்ரோபினுக்கு 0.59-ம், 0.05 சதவீதத்துக்கு 0.27-ம் ஏறியது. 0.01 மிக மென்மையானது. 0.05-ல் பலன் கூடும், கண் கூச்சமும் சற்றுக் கூடும்.

லென்ஸில் மருந்து இல்லை, எப்படியும் கண்ணாடி போட்டாக வேண்டிய குழந்தைக்கு அன்றாடம் கூடுதல் வேலையும் இல்லை. அதனால் பலர் லென்ஸிலிருந்து தொடங்கி, ஆறு மாத அளவில் நீளம் வேகமாக இருந்தால் சொட்டைச் சேர்க்கிறார்கள். கண்ணாடியே போட மாட்டேன் என்கிற குழந்தைக்கு இரவில் ஒரு சொட்டு எளிது. மருத்துவச் சீட்டு இல்லாமல் அட்ரோபின் வாங்காதீர்கள். 1 சதவீத மருந்தைக் குழந்தைக்கு மாற்றிப் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

வெளியே விளையாடினால் லென்ஸ் இல்லாமலேயே குறையாதா?

தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருப்பது, கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் நன்றாக உதவுகிறது. வந்த பிறகு வேகத்தைக் குறைப்பதில் அதன் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இன்னும் கண்ணாடி வராத தம்பி தங்கையை இன்றே வெளியே அனுப்புங்கள்; லென்ஸ் போட்டவளும் கூடவே போகட்டும்.

எத்தனை வயசு வரைக்கும் போடணும்? நிறுத்தினால் ஒரேயடியாக ஏறிவிடுமா?

வயதை வைத்து நிறுத்துவதைவிட அளவை வைத்து நிறுத்துவது நல்லது. கண் நீளம் இரண்டு வருடமாக அசையாமல் நின்றால் சாதாரண லென்ஸுக்கு மாறலாம். பலருக்கு அது 16 வயதை ஒட்டி வரும். கல்லூரிக் காலம் வரை ஏறுபவர்களும் உண்டு. ஹாங்காங் குழந்தைகளை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்ததில், லென்ஸை நிறுத்தியவர்களுக்கு விட்டதற்கு ஈடாகப் பவர் திடீரென்று பாயவில்லை. வயதுக்கேற்ற வழக்கமான வேகத்துக்குத் திரும்பியது. நிறுத்தின பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மறுபடி நீள ஆரம்பித்தால் திரும்ப மாட்டலாம்.

துடைப்பதற்குத் தனி முறை ஏதாவது உண்டா?

குட்டி வில்லைகளின் மேடுபள்ளத்தில் தூசி தங்கும். உலர்ந்த லென்ஸைச் சட்டை நுனியால் தேய்த்தால் அந்தத் தூசியே கீறும். பெரும்பாலும் இவை பாலிகார்பனேட். சுலபத்தில் உடையாது, ஆனால் கீறல் விழும். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தை விரலால் தடவி, மறுபடி கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் கிட்டவே வரக் கூடாது. வெயிலில் நிறுத்தின காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை வைத்தால் மேல்பூச்சு நுண்ணிய வலைபோல் வெடிக்கும். தெளிவான நடுவட்டத்தில் கீறல் விழுந்து குழந்தை முகம் சுளித்தாலோ கழற்றிக் கழற்றி வைத்தாலோ, பவர் மாறாவிட்டாலும் லென்ஸை மாற்றிவிடுங்கள்.